ஒரு பருவம், பத்து வரிகள்: எல்.கே.ஜி. குழந்தைகளின் பழகுதலையும் பேச்சையும் கவனித்து எழுதுவது எப்படி

செப்டம்பர் கடைசியில் முன்னேற்ற அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழந்தையையும் ஞாபகத்திலிருந்து யோசித்து எழுதுவதுதான் பல மழலையர் வகுப்புகளில் வழக்கம். அப்படி எழுதும்போது இரண்டு வகைக் குழந்தைகள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, நிறையப் பேசுகிற குழந்தை. இன்னொன்று, அடிக்கடி அழுகிற அல்லது அடிக்கிற குழந்தை. தொந்தரவும் இல்லாமல் பளிச்சென்றும் தெரியாமல் இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேருக்கு "நன்றாகப் பழகுகிறான்" என்ற ஒரே வாக்கியம் போய்விடும். கவனிப்புப் பட்டியல் முக்கியமாக அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்காகத்தான்.

24 குழந்தைகள் இருக்கிற ஒரு எல்.கே.ஜி. வகுப்பு, கூட ஒரு ஆயாம்மா, ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அங்கன்வாடியிலும் இதையே செய்யலாம். ஆனால் அங்கே இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள் என்பதால், வயதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் தாளைத் தயார் செய்யுங்கள்

ஒரு குழந்தைக்கு ஒரு ஏ4 தாள். மேலே பெயர், வீட்டில் பேசும் மொழி, பிறந்த தேதி. ஒரு பருவத்தில் மூன்று சுற்றாகப் பார்த்து எழுதுவோம். ஒவ்வொரு சுற்றிலும் அன்றைய வயதை ஆண்டும் மாதமுமாக எழுதுங்கள். ஒரே வகுப்பில் 3 வயது 7 மாதக் குழந்தையும் 4 வயது 5 மாதக் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த வயதில் பத்து மாத இடைவெளி பேச்சில் பெரிய வித்தியாசம். அதை எழுதி வைக்காவிட்டால் சின்னக் குழந்தையைப் பின்தங்கியதாக நினைத்துவிடுவோம்.

அதன் கீழே பத்து வரிகள். முப்பது, நாற்பது வரி இருக்கிற பட்டியல்களும் கிடைக்கின்றன. ஆனால் வகுப்பு நடத்திக்கொண்டே ஒருவர் உண்மையாகப் பார்த்து எழுதக்கூடியது பத்துதான். முதல் ஐந்து பழகுதல், அடுத்த ஐந்து பேச்சு.

1. காலையில் வீட்டார் விட்டுச் சென்றபின் பத்து நிமிடத்துக்குள் சமாதானமாகிறது.
2. விளையாடிக்கொண்டிருக்கும் மற்ற குழந்தைகளோடு போய்ச் சேருகிறது.
3. வேண்டிய பொருளைப் பிடுங்காமல் கேட்கிறது, அல்லது தன் முறை வரும்வரை காத்திருக்கிறது.
4. சண்டை வந்தால் கையை விட்டு வாயைப் பயன்படுத்துகிறது ("அது என்னோடது", "தள்ளாத").
5. இன்னொரு குழந்தை அழுதால், விழுந்தால் கவனிக்கிறது, ஏதாவது செய்கிறது.
6. தன் தேவையைச் சொல்லிக் கேட்கிறது (தண்ணீர், பாத்ரூம், டிபன் பாக்ஸ் மூடி).
7. இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால், கையால் காட்டாமலே புரிந்து செய்கிறது.
8. பேச்சைத் தொடர்கிறது: நீங்கள் ஒன்று சொல்ல, அது ஒன்று சொல்ல, மறுபடி நீங்கள், மறுபடி அது.
9. கண் முன்னால் இல்லாத, நடந்து முடிந்த ஒன்றைச் சொல்கிறது.
10. அது பேசுவது, தினமும் பழகாத ஒருவருக்கும் பெரும்பாலும் புரிகிறது.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டங்கள், மூன்று சுற்றுக்கு. கட்டத்தில் எழுத மூன்று குறிகள் போதும். தானாகச் செய்தால் "தா". நீங்கள் நினைவூட்டியோ, பக்கத்தில் இருந்தோ, பாதியைச் சொல்லிக் கொடுத்தோ செய்தால் "து" (துணையோடு). வாய்ப்பு வந்தும் செய்யவில்லை என்றால் "இ" (இல்லை). வாய்ப்பே வரவில்லை, அல்லது நீங்கள் பார்க்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

இந்தக் காலிக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அன்று வகுப்பில் யாருமே அழவில்லை என்றால் ஐந்தாம் வரியைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே "இ" போட்டால், பார்க்காத ஒன்றை அந்தக் குழந்தையின் குறையாக எழுதியதாகிவிடும். தாள் நிறைந்து தெரிய வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். காலிக் கட்டம் அடுத்த வாரம் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. பொய்யான "இ" அந்த வேலையையும் கெடுத்துவிடும்.

எப்போது, எங்கே பார்ப்பது

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் எதுவும் எழுத வேண்டாம். அப்போது தெரிவது அழுகையும் அசதியும்தான். முதல் சுற்று ஜூன் கடைசி இரண்டு வாரம். இரண்டாவது சுற்று ஜூலை கடைசி வாரமும் ஆகஸ்ட் முதல் வாரமும். அதற்குப் பிறகு சுதந்திர தின ஒத்திகை தொடங்கிவிட்டால் வகுப்பு வகுப்பாக இருக்காது. மூன்றாவது சுற்று செப்டம்பர் முதல் பாதி.

ஒரு சுற்றுக்குப் பத்து வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று குழந்தைகள். இன்று யார் யார் என்று காலையிலேயே பெயரை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் கண் மறுபடியும் அதே நாலு குழந்தைகளிடம்தான் போகும்.

அந்த இரண்டு மூன்று பேரை மூன்று இடங்களில் பாருங்கள். சொப்புச் சாமான், கட்டைகள், மணல் என்று தாமாக விளையாடும் நேரத்தில் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம், ஸ்நாக்ஸ் நேரத்தில், வட்டமாக உட்கார்ந்து பேசும் நேரத்தில். ஸ்நாக்ஸ் நேரத்தை விட்டுவிடாதீர்கள். மூடி திறக்க உதவி கேட்பது, "உனக்கு என்ன?" என்று பக்கத்துக் குழந்தையை விசாரிப்பது, முறுக்கைப் பங்கு போடுவது, எல்லாம் அங்கே பத்து நிமிடத்தில் நடந்துவிடும். பாட்டு நேரத்தைப் பேச்சுக்குக் கணக்கில் எடுக்காதீர்கள். கூட்டத்தோடு சேர்ந்து பாட்டுப் பாடுகிற குழந்தை, "ஆமா மிஸ்" என்று கோரஸாகச் சொல்கிற குழந்தை, தானாக ஒரு வாக்கியம் பேசுமா என்பது அதிலிருந்து தெரியாது. ஆங்கிலப் பாட்டை முழுசாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் வேண்டும் என்பதைக் கையால் காட்டுகிற குழந்தைகள் உண்டு.

நடந்ததை எழுதுங்கள், முடிவை எழுதாதீர்கள்

பையில் ஒரு சின்ன நோட்டோ துண்டுச் சீட்டுகளோ வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடன் இரண்டு வரி. தேதி, இடம், என்ன நடந்தது, குழந்தை சொன்ன வார்த்தை அப்படியே. மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சொன்ன வார்த்தை மறந்து, நம் அபிப்பிராயம் மட்டும் மிஞ்சும்.

"கூச்ச சுபாவம்", "அடம் பிடிக்கிறான்", "எல்லோரிடமும் அன்பாக இருக்கிறாள்" என்பதெல்லாம் முடிவுகள். இதை இப்படி எழுதலாம்: "ஜூன் 24, கட்டைகள். லாரி கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்று மூன்று நிமிடம் பார்த்தான். ஒரு கட்டையை எடுத்து நீட்டினான். அவர்கள் வாங்கவில்லை. என்னிடம் வந்து 'மிஸ், அவங்க என்னைய சேத்துக்கல'." இந்தச் சீட்டு ஒன்றிலேயே இரண்டாம் வரியும் ஆறாம் வரியும் இருக்கின்றன. சேர முயன்றிருக்கிறான், முயன்ற விதம் எடுபடவில்லை, பிறகு வாயால் உதவி கேட்டிருக்கிறான். "கூச்ச சுபாவம்" என்று எழுதியிருந்தால் இத்தனையும் போயிருக்கும்.

குழந்தையின் பேச்சைத் திருத்தி எழுதாதீர்கள். "புடுங்கிட்டான்" என்றால் "புடுங்கிட்டான்"தான். அதைப் "பிடுங்கிக்கொண்டான் எனப் புகார் கூறினாள்" என்று மாற்றினால் நமக்கு வேண்டியதே அழிந்துவிடும்.

இரண்டாம் வரிக்கு ஒரு குறிப்பு. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரட் பார்ட்டன் 1932-இல் மழலையர் விளையாட்டை வகைப்படுத்தினார்: தனியே விளையாடுவது, நின்று வேடிக்கை பார்ப்பது, ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் அவரவர் விளையாட்டை ஆடுவது, பொருளைப் பகிர்ந்து ஆடுவது, பாத்திரம் பிரித்துக்கொண்டு சேர்ந்து ஆடுவது. இவை ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நன்றாகச் சேர்ந்து விளையாடும் குழந்தையும் சில நேரம் தனியே உட்காரும். ஆனால் வேடிக்கை பார்ப்பதும் பக்கத்தில் ஆடுவதும் "ஒன்றும் செய்யவில்லை" அல்ல என்பதை இந்த வகைப்பாடு நினைவில் வைக்க உதவும். சீட்டில் எந்த வகை என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.

பேச்சு வளர்வதைத் தமிழில் எங்கே பார்ப்பது

நான்கு வயதில் நான்கு சொல் வாக்கியம் பேச வேண்டும் என்று வளர்ச்சிப் பட்டியல்களில் வரும். அது பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்துச் சொன்ன கணக்கு. "சாப்பிடமாட்டேங்குறான்" என்று ஒரு குழந்தை சொன்னால், ஒரே சொல்தான். ஆனால் அதற்குள் யார், என்ன செயல், மறுப்பு, அது இப்போது நடக்கிறது என்று எல்லாமே இருக்கிறது. அதனால் தமிழ்க் குழந்தையிடம் சொற்களை எண்ணாதீர்கள். சொல்லின் வாலைப் பாருங்கள்.

ஒரே விஷயத்தை வெவ்வேறு கட்டத்தில் குழந்தைகள் இப்படிச் சொல்வார்கள்:

"அம்மா கட."
"அம்மா கடைக்குப் போனாங்க."
"அம்மா கடைக்குப் போயி முட்ட வாங்கிட்டு வந்தாங்க."
"மழ வந்தா போகமாட்டேன்னு அம்மா சொன்னாங்க."

முதலாவதில் இரண்டு பெயர் மட்டும். இரண்டாவதில் "-க்கு" வந்துவிட்டது, முடிந்த காலம் வந்துவிட்டது. மூன்றாவதில் "போயி", "வாங்கிட்டு" என்று ஒரு செயலோடு இன்னொன்றைக் கோர்க்கிறது. ஒன்பதாம் வரிக்கு நாம் தேடுவது இந்தக் கோர்ப்பைத்தான். நான்காவதில் "வந்தா" என்ற நிபந்தனையும், இன்னொருவர் சொன்னதை "-ன்னு" போட்டுச் சொல்வதும் இருக்கின்றன. ஜூன் சீட்டையும் செப்டம்பர் சீட்டையும் பக்கத்தில் வைத்தால் இந்த வால்கள் கூடியிருப்பது கண்ணுக்குத் தெரியும். "நீ அம்மாவாம், நான் பாப்பாவாம்" என்று "-ஆம்" வைத்துப் பாவனை விளையாட்டு தொடங்கினால் அதை அவசியம் குறித்து வையுங்கள். பேச்சும் பழகுதலும் அந்த ஒரு வாக்கியத்தில் சேர்ந்து வருகின்றன.

உச்சரிப்பில் அவசரம் வேண்டாம். ரயிலை "லயிலு" என்பதும், ழகரம் வராததும் இந்த வயதில் சாதாரணம். வாழைப்பழத்தை "வாளப்பளம்" என்று பெரியவர்களே சொல்லும் ஊர்கள் இருக்கின்றன. பத்தாம் வரியில் பார்ப்பது தனி எழுத்தை அல்ல, மொத்தத்தில் புரிகிறதா என்பதை. உங்களுக்குப் பழகிவிட்டதால் எல்லாம் புரியும். அந்தக் குழந்தையிடம் அதிகம் பேசாத பக்கத்து வகுப்பு ஆசிரியரை இரண்டு நிமிடம் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

எட்டு, ஒன்பது வரிகளுக்கு நீங்கள் கேட்கும் கேள்வியே பாதி விடையைத் தீர்மானிக்கும். "சாப்பிட்டியா?" என்றால் "ம்". "நேத்து என்ன பண்ணே?" என்பது நாலு வயதுக்கு மிகப் பெரிய கேள்வி. முழங்காலில் இருக்கிற பிளாஸ்திரியைப் பார்த்து "அய்யோ, இங்க என்னாச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். நாம் பெரும்பாலும் இரண்டில் பொறுமை இழந்து, "விழுந்துட்டியா?" என்று பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். அப்புறம் குழந்தைக்குத் தலையாட்டுவது தவிர வேறு வேலை இல்லை.

வீட்டில் தெலுங்கோ இந்தியோ சௌராஷ்டிரமோ பேசும் குழந்தை முதல் சில மாதங்கள் வகுப்பில் அமைதியாகவே இருக்கலாம். புது மொழியைக் கேட்டு உள்வாங்கும் காலம் அது. ஐந்து முதல் ஏழு வரையான வரிகளைச் செய்கையில் பாருங்கள், எந்த மொழியில் சொன்னாலும் "தா" போடுங்கள், எந்த மொழி என்று பக்கத்தில் எழுதுங்கள். வீட்டு மொழியில் எப்படிப் பேசுகிறது என்று பெற்றோரைக் கேளுங்கள். அங்கேயும் பேச்சு குறைவு என்றால் அது தமிழ் தெரியாததால் மட்டும் வந்ததல்ல.

ஒரு தாளைப் படித்துப் பார்ப்போம்

ஒரு சிறுமி, ஜூனில் 4 வயது 1 மாதம், வீட்டில் தமிழ். முதல் சுற்றுச் சீட்டுகள்: "சொப்பு மூலையில் நின்று பார்த்தாள். ஸ்நாக்ஸ்: டிபன் பாக்ஸை என்னிடம் நீட்டி 'மிஸ், மூடி'." இரண்டாம் வரி "இ", ஆறாம் வரி "தா", ஒன்பது காலி. "பைய மாட்டிட்டு, பாயில வந்து உக்காரு" என்று சொன்னபோது செய்துவிட்டாள், ஏழாம் வரி "தா".

இரண்டாவது சுற்று. அதே ஏழாம் வரிக்கு "இ". பின்னாலிருந்து "பாட்டில எடுத்துட்டு வாசல்ல நில்லு" என்றபோது நின்ற இடத்திலேயே நின்றாள். பக்கத்துக் குழந்தை பாட்டிலை எடுப்பதைப் பார்த்து அவளும் எடுத்தாள். எட்டாம் வரிக்கான சீட்டில் இரண்டு தடவை "என்ன?" என்று இருக்கிறது. மறுநாள் ஆசிரியர் பக்கத்தில் போய், முகம் பார்த்து, அதே மாதிரி இரண்டு வேலை சொன்னார். இரண்டையும் செய்தாள். ஜூலை மழையிலிருந்து சளி விடவில்லை என்பதும் ஒரு சீட்டின் ஓரத்தில் இருந்தது.

"கவனம் போதவில்லை" என்று எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இந்தச் சீட்டுகளைச் சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது: ஜூனில் செய்தவள் இப்போது செய்யவில்லை, முகம் பார்த்தால் செய்கிறாள், மற்றவரைப் பார்த்து நகல் எடுக்கிறாள், சளி. இது காதைப் பார்க்கச் சொல்கிற தாள். சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிக் காது மந்தமாவது இந்த வயதில் அடிக்கடி நடப்பது. வலி இல்லாததால் வீட்டில் யாருக்கும் தெரியாது, ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. ஆசிரியர் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "பின்னாலிருந்து சொன்னால் பதில் இல்லை, முன்னால் வந்து சொன்னால் உடனே செய்கிறாள், ஒரு தடவை காது மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று நடந்ததை மட்டும் சொன்னால் போதும். வகுப்பில் அவளை முன்னால் உட்கார வைத்தார்.

மூன்றாவது சுற்றில் சிகிச்சை முடிந்து வந்தவளின் சீட்டு, சொப்பு மூலையில்: "நீ அம்மாவாம். நான் கடைக்குப் போயிட்டு வருவேனாம். வந்தா கதவ தொறக்கணும், சரியா?" இரண்டாம் வரி "தா", ஏழாம் வரி "தா".

பருவ முடிவுக்குக் காத்திருக்கக் கூடாதவை

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, முன்பு பேசிய சொற்களையோ பழகிய விதத்தையோ இழப்பது, நாலு வயதாகியும் பேச்சு பெரும்பாலும் யாருக்கும் புரியாதது, மற்றவரைப் பார்ப்பதோ பொருளைக் காட்டிப் பகிர்வதோ இல்லாதது. இவற்றைப் பார்த்தால் அந்த வாரமே பெற்றோரிடம் பேசுங்கள். வீட்டில் தாராளமாகப் பேசி, முதல் மாதத்துக்குப் பிறகும் பள்ளியில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத குழந்தையையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். "போகப் போகச் சரியாயிடும்" என்று விடாதீர்கள். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வரும். அவர்களிடம் சீட்டைக் காட்டலாம். கூடுதல் பரிசோதனைக்கு மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற மையங்கள் இருக்கின்றன. தனியார் பள்ளி என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் தொடங்கலாம்.

மூன்று சுற்றும் முடிந்தபின்

முதலில் 24 தாளையும் மேசையில் பரப்பி, வரி வரியாகப் பாருங்கள். ஒன்பதாம் வரி பாதிப் பேருக்குக் காலி என்றால் குறை குழந்தைகளிடம் இல்லை, கால அட்டவணையில். யாரும் எதையும் சொல்ல நேரமே கொடுக்கவில்லை. மூன்றாம் வரியில் எங்கு பார்த்தாலும் "இ" என்றால் முதலில் பொருட்களை எண்ணுங்கள். 24 பேருக்கு ஒரே ஒரு லாரி இருந்தால் பிடுங்கத்தான் செய்வார்கள்.

அப்புறம்தான் ஒவ்வொரு தாளாக, இடமிருந்து வலமாகப் படியுங்கள். அந்தக் குழந்தையின் ஜூனோடு அதன் செப்டம்பரை வைத்துப் பாருங்கள், பக்கத்துக் குழந்தையோடு அல்ல. "து" வாக இருந்தது "தா" ஆகியிருந்தால் அது வளர்ச்சி. மூன்று சுற்றும் "து" விலேயே நின்றால், நீங்கள் கொடுக்கும் துணையைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்க வேண்டும். சேர்ந்து விளையாட ஒவ்வொரு தடவையும் நீங்களே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டால், தானாகப் போகும் வாய்ப்பு அதற்கு வரவே வராது. பக்கத்தில் நின்று, "நானும் வரட்டுமான்னு கேளு" என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் குறிகளைக் காட்ட வேண்டாம். தா, து, இ என்று பார்த்ததும் அவர்கள் அதை மதிப்பெண்ணாக எண்ணத் தொடங்குவார்கள். ஜூனில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று இரண்டு சீட்டை வாசித்துக் காட்டுங்கள். பிறகு, வீட்டில் என்ன பேசுகிறது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாளைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போடக் கூடாது, மேசையில் திறந்தும் வைக்கக் கூடாது.

அரையாண்டுப் பருவத்துக்குப் புதுத் தாள் எடுக்கும்போது, பழையதில் காலியாகக் கிடந்த வரிகளைப் புதிய தாளில் பென்சிலால் வட்டமிடுங்கள். முதல் சுற்றில் அந்த வரிகளிலிருந்தே தொடங்கலாம்.